கீழ்க் கட்டமும் மேல் கட்டமும்: ஓர் ஆசிரியையின் நிலுவைக் கணக்கு

(டிசம்பர் 17 ஓய்வூதியர் நாளையொட்டி ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் என்பது அரசு மனமிரங்கி அளிக்கும் கொடை அல்ல. ஊழியர் ஏற்கெனவே செய்து முடித்த பணிக்கான உரிமை என்பதே அத்தீர்ப்பின் சாரம். கொடையை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உரிமைக்கோ அளவு உண்டு. ஆகவே அதை எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். அப்படி எண்ணிப் பார்த்த ஓர் ஆசிரியையின் கதையை இந்த நாளில் சொல்வது பொருத்தம். அவருடைய நிலையில் இருப்போர் பலர் என்பதால் அவருடைய பெயரோ அலுவலகத்தின் பெயரோ இங்கே தேவையில்லை.

மத்தியப் பிரதேசத்தின் ஒரு நகரில், ஒன்றிய அரசின் ஓய்வூதிய விதிகளுக்கு உட்பட்ட பள்ளியொன்றில் அவர் சமூக அறிவியல் கற்பித்தார். 2013 மே 31 அன்று ஓய்வு பெற்றார். அன்று அவருடைய அடிப்படை ஊதியம் 22,200 ரூபாய். ஊதியப் பட்டையில் 17,400, தர ஊதியம் 4,800 என்று இரண்டும் சேர்ந்த தொகை அது. அதில் சரிபாதியான 11,100 ரூபாய் அவருடைய ஓய்வூதியமாக நிர்ணயிக்கப்பட்டது.

2016 ஜனவரி 1 முதல் ஏழாவது ஊதியக்குழுவின் பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்தன. முன்பே ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியத்தை எப்படித் திருத்துவது என்ற கேள்வி எழுந்தது. இதற்கு அரசு இரண்டு ஆணைகளில் இரண்டு வழிகளை வகுத்தது. 2016 ஆகஸ்ட் 4 ஆணையின்படி, பழைய ஓய்வூதியத்தை 2.57 ஆல் பெருக்கினால் போதும். இது முதல் வழி. 2017 மே 12 ஆணை இரண்டாவது வழியைத் தந்தது. அதன்படி, ஓய்வு பெற்றவர் 2016 ஜனவரி 1 அன்று பணியில் இருந்திருந்தால் அவருடைய ஊதியம் எவ்வளவாக நிர்ணயிக்கப்பட்டிருக்கும் என்று முதலில் கணக்கிட வேண்டும். கருத்தியல் ஊதிய நிர்ணயம் என்று இதற்குப் பெயர். அந்தக் கருத்தியல் ஊதியத்தில் பாதி, இரண்டாவது வழியில் கிடைக்கும் ஓய்வூதியம். இரண்டு வழிகளில் எது அதிகமோ அதுவே வழங்கப்பட வேண்டும்.

இந்த இரண்டாவது வழி எளிதில் வந்துவிடவில்லை. ஓய்வு பெற்றவர் பணியில் பெற்ற ஆண்டு ஊதிய உயர்வுகளின் எண்ணிக்கையைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஊதியக்குழு பரிந்துரைத்திருந்தது. பழைய பதிவேடுகள் கிடைக்காது என்று சொல்லி அரசு அதை நடைமுறைப்படுத்தவில்லை. அதற்கு மாற்றாகவே கருத்தியல் ஊதிய நிர்ணயம் வந்தது. ஆகவே இந்த வழியில் ஒரு கட்டம் பிசகினாலும், ஓய்வூதியர்களுக்கு மாற்றாகத் தரப்பட்டதும் கைநழுவிப் போகிறது.

கோப்பில் இருந்த தாள்

அந்த ஆசிரியைக்கு 2017ஆம் ஆண்டின் இறுதியில் திருத்தப்பட்ட ஆணை வந்தது. அதனுடன் ஒரு கணக்கீட்டுத் தாளும் இருந்தது. முதல் வழியில் 28,527 ரூபாய், இரண்டாவது வழியில் 28,450 ரூபாய், இரண்டில் அதிகமானது 28,527 என்று அத்தாள் முடிந்தது. ஏற்கெனவே அவருக்கு 28,527தான் வந்துகொண்டிருந்தது. எனவே மாற்றம் எதுவும் இல்லை. அவர் அதைக் கோப்பில் வைத்துவிட்டார்.

2019 நவம்பரில், ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய வாழ்வுச் சான்றுக்காக அந்தக் கோப்பை எடுத்தபோது தாள் மறுபடியும் கண்ணில் பட்டது. இரண்டாவது தொகை முதல் தொகையைவிடச் சிறியதாக இருந்தது அவருக்கு விளங்கவில்லை. கடைசி ஊதியத்தில் பாதி ஓய்வூதியம். ஓய்வூதியத்தை 2.57 ஆல் பெருக்கினாலும், ஊதியத்தை 2.57 ஆல் பெருக்கிப் பாதியாக்கினாலும் ஒரே எண்தான் வர வேண்டும். இரண்டாவது வழியில் கூடுதலாக ஒரு படி உண்டு. பெருக்கி வந்த எண்ணை ஊதிய அட்டவணையில் பொருத்த வேண்டும். அந்தப் படியில் தொகை உயரலாம், அல்லது அப்படியே இருக்கலாம். அது குறைய வழி ஏது?

இந்தக் கேள்விதான் முழுக் கணக்கின் திறவுகோல். பிழையைக் கண்டுபிடிக்க அவருக்கு விதிப்புத்தகம்கூடத் தேவைப்படவில்லை. ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் சரிபாதியாக இருக்கும் ஒருவருக்கு, இரண்டாவது வழி முதல் வழியைவிடக் குறைவான தொகையைத் தர முடியாது. தாளில் அப்படி இருந்தால் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள்.

அவர் ஒரு குறிப்பேட்டில் கணக்கை முதலிலிருந்து போட்டார். 22,200 ஐ 2.57 ஆல் பெருக்கினால் 57,054. தர ஊதியம் 4,800 பெற்றவர்களுக்குப் புதிய ஊதிய அட்டவணையில் நிலை 8. அந்த நிலை 47,600 இல் தொடங்குகிறது. அதன் கட்டங்கள் 49,000, 50,500, 52,000, 53,600, 55,200, 56,900, 58,600 என்று ஏறிச் செல்கின்றன. 57,054 என்ற எண் எந்தக் கட்டத்திலும் இல்லை. அது 56,900 க்கும் 58,600 க்கும் இடையில் விழுகிறது. சமமான கட்டம் இல்லாவிட்டால் அடுத்த மேல் கட்டத்தை எடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவருடைய கருத்தியல் ஊதியம் 58,600. அதில் பாதி 29,300.

அலுவலகமோ 56,900 ஐ எடுத்திருந்தது. அதில் பாதிதான் தாளில் இருந்த 28,450. ஒரு கட்டம் கீழே இறங்கியதால் இரண்டாவது வழியே பயனற்றதாகிவிட்டது. இரண்டையும் ஒப்பிட்டு அதிகமானதையே வழங்கியிருப்பதாகத் தாள் சொன்னது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும் அந்த வாசகமே பிழையை இரண்டு ஆண்டுகள் மறைத்து வைத்தது. அவருக்குக் கிடைக்க வேண்டிய அடிப்படை ஓய்வூதியம் 29,300, கிடைத்தது 28,527. மாதத்துக்கு 773 ரூபாய் குறைவு.

773 ரூபாய் எவ்வளவு ஆகும்?

773 ஐ மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் நிலுவை வந்துவிடாது. அடிப்படை ஓய்வூதியம் குறைந்தால் அதன்மீது தரப்படும் அகவிலை நிவாரணமும் குறைகிறது. ஆகவே ஒவ்வோர் அரையாண்டுக்கும் இரண்டு கணக்குகள் போட வேண்டும். 29,300 க்கும் அன்றைய விகிதப்படி அதன் நிவாரணத்துக்கும் ஒன்று. 28,527 க்கும் அதன் நிவாரணத்துக்கும் மற்றொன்று. நிவாரணத்தில் வரும் பைசாவை அடுத்த முழு ரூபாயாக உயர்த்திக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அந்த அரையாண்டின் மாத நிலுவை.

எடுத்துக்காட்டாக, 2019 ஜூலையில் நிவாரணம் 17 விழுக்காடு. 29,300 க்கு அது 4,981 ரூபாய். 28,527 க்கு 4,849.59, அதாவது 4,850 ரூபாய். நிவாரணத்தில் 131 ரூபாய் வேறுபாடு. அடிப்படையின் 773 உடன் அதைச் சேர்த்தால் மாதத்துக்கு 904 ரூபாய். இப்படியே அவர் எட்டு அரையாண்டுகளுக்கும் கணக்கிட்டார்.

2016 ஜனவரி முதல், நிவாரணம் இல்லை: மாதம் 773
2016 ஜூலை முதல், 2 விழுக்காடு: 788
2017 ஜனவரி முதல், 4 விழுக்காடு: 803
2017 ஜூலை முதல், 5 விழுக்காடு: 811
2018 ஜனவரி முதல், 7 விழுக்காடு: 827
2018 ஜூலை முதல், 9 விழுக்காடு: 842
2019 ஜனவரி முதல், 12 விழுக்காடு: 865
2019 ஜூலை முதல், 17 விழுக்காடு: 904

இவற்றின் கூட்டுத்தொகை 6,613. ஒவ்வொன்றும் ஆறு மாதங்களுக்கு உரியது என்பதால் ஆறால் பெருக்க வேண்டும். 2019 டிசம்பர் வரையிலான 48 மாதங்களின் நிலுவை 39,678 ரூபாய்.

இதில் ஓர் ஐயம் எழலாம். ஓய்வு பெற்றபோது அவர் ஓய்வூதியத்தில் 40 விழுக்காட்டை, அதாவது 4,440 ரூபாயை, ஒட்டுமொத்தத் தொகையாக மாற்றிப் பெற்றிருந்தார். கம்யூட்டேஷன் என்று வழக்கில் சொல்லப்படுவது இதுதான். அதற்கான மாதப் பிடித்தம் நிலுவையைக் குறைக்குமா? குறைக்காது. பிடித்தம் 2013இல் நிர்ணயித்த 4,440 ஆகவே நீடிக்கும். ஓய்வூதியம் உயர்ந்ததால் அது உயர்வதில்லை. அகவிலை நிவாரணமும் பிடித்தத்துக்கு முந்தைய முழு ஓய்வூதியத்தின் மீதே கணக்கிடப்பட வேண்டும். ஆகவே வேறுபாட்டுத் தொகை முழுவதும் அவருக்கே உரியது.

"அதிகமானதைத்தான் கொடுத்திருக்கிறோம்"

அவர் முதலில் சென்றது வங்கிக்கு. ஆணையில் உள்ள தொகையைத்தான் தர முடியும் என்று அங்கே சொன்னார்கள். அது சரியான பதில்தான். வங்கி ஓய்வூதியத்தை வழங்கும் இடமே தவிர நிர்ணயிக்கும் இடமன்று. ஓய்வூதியக் கொடுப்பாணையில் உள்ள அடிப்படைத் தொகையை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. அடிப்படைத் தொகை தவறானால் கடைசியாகப் பணியாற்றிய அலுவலகத்துக்கே எழுத வேண்டும். அடிப்படை சரியாக இருந்து நிவாரணமோ பிடித்தமோ தவறானால் மட்டுமே வங்கியிடம் கேட்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வங்கி வாசலில் காத்திருப்போர் உண்டு.

அலுவலகத்தில் பிரிவு அலுவலர் தாளைப் பார்த்துவிட்டு, "மேடம், இரண்டில் அதிகமானதைத்தான் கொடுத்திருக்கிறோம்" என்றார்.

"அந்த இரண்டில் இரண்டாவது எண் எப்படி வந்தது என்றுதான் கேட்கிறேன், ஐயா" என்றார் ஆசிரியை.

"கணினி போட்ட கணக்கு, மேடம். அதில் தவறு வராது."

எழுத்து வடிவில் அவர் கொடுத்த முதல் முறையீட்டுக்கு, விதிகளின்படி ஓய்வூதியம் ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அம்முறையீட்டில் அவர் நான்கு பக்கங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். ஓய்வூதியர் சங்கத்தில் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் அதைப் படித்துவிட்டு, இரண்டாம் முறை ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொன்னார். அதன்படி அடுத்த கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்தது. 22,200 ஐ 2.57 ஆல் பெருக்கினால் 57,054. தாளில் எடுத்துக்கொண்ட கட்டம் 56,900; இது 57,054 ஐவிடக் குறைவு. சமமான கட்டம் இல்லாதபோது கீழ்க் கட்டத்தை எடுக்க எந்த விதி இடம் தருகிறது? இதுவே கடிதத்தின் உள்ளடக்கம். 2017 ஜூலை 6 அன்று ஒன்றிய அரசே வெளியிட்ட ஆயத்த அட்டவணைகளில் தமக்குரிய பக்கத்தையும் அவர் இணைத்தார். கணக்கீட்டுத் தாளை எந்த அடிப்படையில் தயாரித்தார்கள் என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் தனியே ஒரு மனுவும் கொடுத்தார்.

அந்த மனுவுக்குக் கிடைத்த பதிலில்தான் காரணம் வெளிப்பட்டது. ஆயத்த அட்டவணைகளைப் பார்க்காமல், அலுவலகம் தனக்கென ஒரு கணினித் தாளை உருவாக்கி எல்லோருக்கும் அதிலேயே கணக்குப் போட்டிருந்தது. ஏறுவரிசைப் பட்டியலில் ஓர் எண்ணைத் தேடும்படி கணினித் தாளுக்குக் கட்டளையிட்டால், அதே எண் இல்லாதபோது அதற்குக் கீழே உள்ள எண்ணை எடுப்பதே அக்கட்டளையின் வழக்கமான செயல்பாடு. மேல் கட்டத்தை எடுக்க வேண்டுமென்றால் அதைத் தனியே சொல்ல வேண்டும். அதைச் செய்தவர் சொல்லவில்லை. சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் கவனிக்கவில்லை. கணினி தனக்கு இட்ட கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றியது. கட்டளைதான் விதிக்கு முரணாக இருந்தது.

இதன் விளைவு ஓர் ஆசிரியையோடு நிற்கக்கூடியதன்று. பெருக்கி வந்த எண் ஏதேனும் ஒரு கட்டத்துடன் மிகச் சரியாகப் பொருந்தினாலன்றி, அந்தத் தாளில் கணக்கிடப்பட்ட ஒவ்வொருவருக்கும் இதே பிழை நேர்ந்திருக்கும். சங்கத்தினர் அதே அலுவலகத்தில் ஓய்வு பெற்ற மற்றவர்களின் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது அதுவே உறுதியாயிற்று. அவர்களில் குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களும் இருந்தனர். கணவரின் கடைசி ஊதியம் என்ன, அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதே அவர்களுள் சிலருக்குத் தெரியாது. கருத்தியல் ஊதியத்தில் 30 விழுக்காடுதான் குடும்ப ஓய்வூதியம். கட்டம் தவறினால் அதுவும் தவறும். ஆசிரியை தம் ஒருவருக்கு மட்டும் திருத்தம் பெற்றுக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. கணினித் தாளின் பிழையைச் சுட்டிக்காட்டி, எல்லோருடைய கணக்கையும் மறுபடி போட வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் மனு கொடுக்கப்பட்டது.

2020 ஆகஸ்டில் திருத்தப்பட்ட ஆணை வந்தது. 39,678 ரூபாயுடன் அந்த ஆண்டின் எட்டு மாதங்களுக்கு மாதம் 904 வீதம் 7,232 ரூபாயும் சேர்ந்து, 46,910 ரூபாய் அவர் கணக்கில் வரவாயிற்று. வட்டி எதுவும் தரப்படவில்லை.

குறிப்பேட்டின் அடுத்த பக்கம்

தோழர்களே, கதை இத்துடன் முடிந்திருந்தால் இது விழிப்பான ஒருவரின் வெற்றிக் கதையாக மட்டுமே இருந்திருக்கும். ஆனால் அவருடைய முறையீடு அலுவலகத்தில் கிடந்த அதே மாதங்களில் வேறொன்று நடந்தது.

2020 ஏப்ரல் 23 அன்று ஒன்றிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பெருந்தொற்றைக் காரணம் காட்டி, 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகளின் அகவிலைப்படியும் அகவிலை நிவாரணமும் நிறுத்திவைக்கப்பட்டன. பதினெட்டு மாதங்கள் விகிதம் 17 விழுக்காட்டிலேயே நின்றது. 2021 ஜூலை முதல் அது 28 ஆக உயர்த்தப்பட்டது. அந்த உயர்வில் மூன்று தவணைகளின் 4, 3, 4 விழுக்காடுகள் அடங்கியிருந்தன. ஆனால் இடைப்பட்ட பதினெட்டு மாதங்களுக்கு நிலுவை கிடையாது என்று அரசு அறிவித்துவிட்டது.

ஆசிரியை அதே குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் இதையும் கணக்கிட்டார். 29,300 க்கு 4 விழுக்காடு 1,172. முதல் ஆறு மாதங்களுக்கு 7,032. அடுத்த ஆறு மாதங்களில் 7 விழுக்காடு, 12,306. கடைசி ஆறு மாதங்களில் 11 விழுக்காடு, 19,338. மொத்தம் 38,676 ரூபாய்.

இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கணினித் தாளின் பிழை நான்கு ஆண்டுகளில் அவரிடமிருந்து பறித்தது 39,678 ரூபாய். பிழையே இல்லாத ஓர் ஆணை பதினெட்டு மாதங்களில் பறித்தது 38,676 ரூபாய். முதலாவதற்கு விதி அவர் பக்கம் நின்றது; தவறான கட்டத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிந்தது. இரண்டாவதில் தொட்டுக் காட்ட எந்தக் கட்டமும் இல்லை. அங்கே கணக்கு சரியாகவே இருந்தது. கொள்கைதான் அவருக்கு எதிராக இருந்தது. ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் இப்படித் தராமல் விட்டதால் மிச்சமான தொகை 34,402 கோடி ரூபாய் என்று அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அந்தக் கோடிகள் இத்தகைய முப்பதாயிரங்களும் நாற்பதாயிரங்களும் சேர்ந்து ஆனவையே.

நகாரா வழக்கின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பின்னரோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே மேம்பட்ட ஓய்வூதியம் என்று அன்று அரசு கோடு கிழித்தது. அதில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. அந்தக் கோடே நியாயமற்றது என்று ஓய்வூதியர்கள் வழக்காடி வென்றார்கள். 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டமோ, ஓய்வு பெற்ற தேதியை அடிப்படையாக வைத்து ஓய்வூதியர்களைப் பாகுபடுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று முன்தேதியிட்டு அறிவிக்கிறது. அன்று வென்ற உரிமை இன்று நாடாளுமன்றத்தின் வழியாகவே திரும்பப் பறிக்கப்படுகிறது. 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கான தேசிய ஓய்வூதியத் திட்டத்திலோ, கடைசி ஊதியத்தில் பாதி என்ற உறுதியே கிடையாது. முதலீட்டின் விளைவுதான் அங்கே ஓய்வூதியம். அந்த ஆசிரியை கண்டுபிடித்ததைப் போன்ற பிழை அத்திட்டத்தில் இருக்கப்போவதில்லை. ஏனெனில் அரசு இவ்வளவு தர வேண்டும் என்று சொல்லும் தாளே அதில் இல்லை.

ஆகவே சங்கங்கள் முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. 2006 க்கும் 2016 க்கும் இடையில் ஓய்வு பெற்ற உறுப்பினர்களின் கணக்கீட்டுத் தாள்களை வாங்கி, கடைசி ஊதியத்தை 2.57 ஆல் பெருக்கி, எடுத்துக்கொண்ட கட்டம் அந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். 2006 க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு இடைப்பட்ட ஒவ்வோர் ஊதியக்குழுவின் படியிலும் ஏறி வர வேண்டும் என்பதால், அவர்களுடைய தாள்களைக் கணக்கறிந்தவர்களைக் கொண்டு பார்க்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம் பெறுவோரின் தாள்களை அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திராமல், அவர்கள் வீட்டுக்கே சென்று வாங்கிப் பார்க்க வேண்டும்.

பதினெட்டு மாத நிலுவையைக் கேட்பதும், உறுதி செய்யப்பட்ட ஓய்வூதியத்தைப் புதிய ஊழியர்களுக்கு மீட்பதும் இரண்டாவது வேலை. அதற்குக் குறிப்பேடும் பேனாவும் போதா. அதை வீதியில் திரண்டு நின்றுதான் செய்ய வேண்டும். முதல் வேலைக்காகத் தாள்களோடு சங்க அலுவலகத்துக்கு வருபவர்களே இரண்டாவது வேலைக்கும் வரிசையில் நிற்பவர்கள் ஆவார்கள். தனக்கு வர வேண்டியது எவ்வளவு என்று ரூபாய்க் கணக்கில் அறிந்த ஒருவரிடம், உரிமையைப் பற்றி நீண்ட விளக்கம் சொல்லத் தேவை இராது.